முப்பது கிலோ முறுக்கும் ஒரு க்யூஆர் கோடும்

"மேடம், 30 கிலோ முறுக்கு வேணும். ரேட் சொல்லுங்க."

வீட்டில் பலகாரம் செய்து விற்கும் இன்ஸ்டாகிராம் பேஜுக்கு இப்படி ஒரு மெசேஜ் வந்தால் யாருக்கும் மனம் குளிரும். வாரம் முழுக்க அரைக் கிலோ, ஒரு கிலோ என்று பொட்டலம் கட்டுகிறவருக்கு இது ஒரு மாத வியாபாரம். மோசடிக்காரர் இந்த 30 கிலோவை யோசித்துத்தான் சொல்கிறார். விட மனம் வராத அளவுக்குப் பெரிய ஆர்டர், ஆனால் சந்தேகம் வரும் அளவுக்குப் பெரியது இல்லை. புடவை பேஜ் என்றால் 12 புடவை, சோப்பு பேஜ் என்றால் 200 சோப்பு, கேக் செய்பவர் என்றால் பத்து கிலோ கேக் என்று கேட்பார்கள். பொருள் மாறும், மற்றதெல்லாம் மாறாது.

முறுக்கு ஆர்டரையே கடைசி வரை பார்ப்போம். கிலோ 420 ரூபாய் என்றால் 30 கிலோவுக்கு 12,600 ரூபாய். பேஜ் நடத்தும் பெண்மணி, பெரிய ஆர்டருக்குப் பாதிப் பணம் அட்வான்ஸ், அதாவது 6,300 ரூபாய் என்கிறார். எதிர்முனையில் உடனே "ஓகே". விலை குறைத்துக் கேட்கவில்லை. சாம்பிள் கேட்கவில்லை. முள்ளு முறுக்கா, கை முறுக்கா என்றுகூடக் கேட்கவில்லை.

முதல் அடையாளம் இங்கேதான் இருக்கிறது. உண்மையிலேயே 30 கிலோ வாங்குகிறவருக்குப் பொருளைப் பற்றிக் கவலை இருக்கும். எத்தனை நாள் நமுத்துப் போகாமல் இருக்கும், என்ன எண்ணெய், கால் கிலோ பாக்கெட்டாகப் போடுவீர்களா, பில் தருவீர்களா, கடையில் வைத்து விற்க உணவுப் பாதுகாப்புக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கிறதா, மொத்தமாக எடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டுத் துளைத்துவிடுவார். மோசடிக்காரருக்கு முறுக்கு வேண்டாம் என்பதால் முறுக்கைப் பற்றிய கேள்வியும் இருக்காது. பேச்சு மூன்றாவது வரியிலேயே பணம் எப்படி அனுப்புவது என்பதற்கு வந்துவிடும். பேரம் பேசாமல் வாங்கும் நல்ல மனிதர்களும் உண்டு என்பதால் இது ஒன்றை மட்டும் வைத்து யாரையும் ஒதுக்க வேண்டாம். மனதில் குறித்துக்கொண்டு அடுத்ததைக் கவனித்தால் போதும்.

அடுத்ததாக அவர் தன்னை அறிமுகம் செய்துகொள்வார். பெரும்பாலும் ராணுவம், இல்லையென்றால் துணை ராணுவப் படை. "நான் ஆர்மி கேம்ப்ல இருக்கேன் மேடம், ஜவான்களுக்கு ஃபங்ஷன்." கூடவே அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, சீருடையில் ஒரு படம். இவை வேறு யாரிடமிருந்தோ எடுத்த படங்களாகவோ, எடிட் செய்த படங்களாகவோ இருக்கும். ராணுவ வேடத்தால் அவருக்கு மூன்று வசதி. மக்களுக்குச் சீருடைமேல் மரியாதை உண்டு, அதனால் கேள்வி கேட்கக் கூசுவார்கள். தமிழ் சரளமாக வராததற்கும், நேரில் வர முடியாததற்கும் அதுவே காரணமாகிவிடும். மூன்றாவதுதான் அவருக்கு முக்கியம்: பின்னால் ஒரு விசித்திரமான பணப் பரிமாற்ற முறையைச் சொல்லும்போது, "எங்க ஆர்மி ரூல் இப்படித்தான்" என்று முடித்துவிடலாம். உங்களுக்கு வந்த அட்டை உண்மையா பொய்யா என்று ஆராய்ந்து நேரத்தை வீணாக்காதீர்கள். அட்டை அசலாகவே இருந்தாலும், அதை அனுப்பியவர்தான் அதற்குச் சொந்தக்காரர் என்று அது நிரூபிக்காது.

பிறகு போன் வரும். மெசேஜில் எழுதிக் காட்டினால் யோசிக்க நேரம் கிடைத்துவிடும் என்பதால், பணம் பற்றிய கட்டம் வந்ததும் பெரும்பாலும் போனுக்கு மாறுவார்கள். "அக்கவுண்ட் சரியான்னு பார்க்கணும், நீங்க முதல்ல 5 ரூபா அனுப்புங்க, நான் டபுளா அனுப்புறேன்." 5 ரூபாய் அனுப்பினால் உண்மையாகவே 10 ரூபாய் திரும்பி வரும். இந்தப் பத்து ரூபாய்தான் தூண்டில் புழு. 'நாம் அனுப்பினால் அவர் இரண்டு மடங்காகத் திருப்புவார்' என்ற பழக்கத்தை அது ஒரே நிமிடத்தில் உண்டாக்கிவிடுகிறது. தலைகீழான ஒரு வரிசை நம் கண்முன்னே ஒருமுறை சரியாக நடந்துவிட்டதால், அடுத்த முறை அது தலைகீழாகவே தெரிவதில்லை.

இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு க்யூஆர் கோடு வரும். அதன்மேல் 6,300 என்று எழுதியிருக்கும், சிலவற்றில் 'Receive Money' என்றும் இருக்கும். "இதை ஸ்கேன் பண்ணுங்க, பின் போடுங்க, உங்க அக்கவுண்டுக்கு அமௌன்ட் வந்துடும்." அந்த வாசகம் படத்தின்மேல் யாரோ தட்டச்சு செய்த வெறும் எழுத்து. க்யூஆர் கோட்டுக்குள் இருப்பது பணம் போய்ச் சேர வேண்டிய யூபிஐ முகவரி, சில நேரம் தொகையும் சேர்ந்து இருக்கும். ஸ்கேன் செய்கிறவர் பணம் கொடுக்கிறவர். மளிகைக் கடையில் கடைக்காரரின் கோட்டை நாம் ஸ்கேன் செய்கிறோம், நம் பணம் அவருக்குப் போகிறது. அதேதான் இங்கேயும் நடக்கிறது.

யூபிஐ பின் கேட்கும் திரையில் யாருக்கு, எவ்வளவு என்ற விவரம் இருக்கும். பின் போடும் வேலை, பணம் அனுப்பவோ உங்கள் பேலன்ஸைப் பார்க்கவோதான் வரும். உங்கள் கணக்குக்குப் பணம் வர நீங்கள் எதையும் அழுத்த வேண்டியதில்லை, போன் அணைந்து கிடந்தாலும் வரும். பின் போடச் சொல்லிவிட்டு "பணம் வரும்" என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்திலேயே போனை வைத்துவிடலாம். அவர் யார், எந்த ஊர், என்ன அட்டை வைத்திருக்கிறார் என்ற கேள்விகளுக்கே அதன்பின் அவசியமில்லை.

க்யூஆர் கோட்டில் தொகை இல்லாதபோது இன்னொரு தந்திரம் செய்வார்கள். "கோடு நம்பர் சொல்றேன், டைப் பண்ணுங்க, ஆறு மூணு ஜீரோ ஜீரோ" என்பார்கள். அவர்கள் 'கோடு' என்று சொல்லித் தட்டச்சு செய்ய வைப்பது தொகைக் கட்டத்தில். பதற்றத்தில் இருப்பவர், போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, சொன்ன எண்ணை அப்படியே அழுத்திவிடுவார்.

6,300 ரூபாய் போனதும் கணக்கிலிருந்து கழிந்ததாகக் குறுஞ்செய்தி வரும். பேஜ்காரர் பதறுவார். எதிர்முனை பதறாது: "சர்வர் ப்ராப்ளம் மேடம், என்ட்ரி தப்பா விழுந்துடுச்சு. இப்ப 12,600 போடுங்க, மொத்தமா திரும்ப வந்துடும்." அதுவும் போனால் இழப்பு 18,900. "ஃபைல் லாக் ஆயிடுச்சு, அதே 18,900ஐ ஒரு தடவை போட்டா எல்லாம் ரிலீஸ் ஆகும்" என்று மூன்றாவது கோடு வரும். அதையும் போட்டால் 37,800 ரூபாய். மொத்த ஆர்டரின் மதிப்பே 12,600 என்பதை அந்த நேரத்தில் யாராலும் நினைத்துப் பார்க்க முடிவதில்லை. போன பணத்தை மீட்கும் அவசரம்தான் இரண்டாவது, மூன்றாவது முறைக்குக் காரணம். இதைப் பேராசை என்று சொல்லி ஏமாந்தவர்களைத் திட்டுவது மிகவும் தவறு. தன் பணத்தையே திரும்பப் பெறத்தான் அவர்கள் முயன்றார்கள்.

முன்பெல்லாம் க்யூஆர் கோடு இல்லாமல், 'பணம் கேட்கும் கோரிக்கை' ஒன்றை யூபிஐ வழியே அனுப்பி ஏமாற்றுவார்கள். நபருக்கு நபர் அனுப்பும் அந்த வகைக் கோரிக்கையை 2025 அக்டோபர் 1 முதல், யூபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுத்திவிட்டது. எனவே "தெரியாத ரிக்வெஸ்ட் வந்தால் டிக்லைன் செய்யுங்கள்" என்ற பழைய அறிவுரையை மட்டும் நம்பியிருந்தால் போதாது. இப்போது கோட்டைத் தேடிப் போய் ஸ்கேன் செய்வது நாமே என்றாகிவிட்டது.

பின் போட வைக்காமலேயே ஏமாற்றும் வழியும் இருக்கிறது. அட்வான்ஸ் 6,300க்குப் பதிலாக 63,000 அனுப்பிவிட்டதாக ஒருவர் அலறுவார். "ஒரு ஜீரோ கூடிடுச்சு, ஆஸ்பத்திரிக்கு வெச்ச பணம், மீதியை உடனே அனுப்புங்க." அதே நொடியில் 'Rs 63,000 credited' என்று வங்கி அனுப்பியது போன்ற குறுஞ்செய்தியும் வரும். அனுப்பிய எண்ணைப் பாருங்கள். வங்கிச் செய்திகள் எழுத்துகளால் ஆன பெயரில் வரும். பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வந்தால் அது அந்த ஆளே தட்டச்சு செய்தது. ஆனாலும் குறுஞ்செய்தியை ஆராய்வதைவிட, வங்கியின் சொந்த ஆப்பைத் திறந்து ஸ்டேட்மென்ட்டில் அந்த வரி இருக்கிறதா என்று பார்ப்பதே உறுதியான வழி. பேமென்ட் ஸ்கிரீன்ஷாட்டையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். பச்சை டிக், 12 இலக்கப் பரிவர்த்தனை எண், உங்கள் பெயர் எல்லாம் அச்சு அசலாகக் காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன. ஸ்டேட்மென்ட்டில் வராத பணம் வரவே இல்லை என்றுதான் கணக்கு.

இனிச் சொல்வது பலருக்குத் தெரியாது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சில நேரம் அந்த 63,000 உண்மையாகவே வந்திருக்கும். ஸ்டேட்மென்ட்டிலும் இருக்கும். "அப்படியானால் நியாயமான மனிதர்தான்" என்று நினைத்து, அவர் சொல்லும் வேறொரு எண்ணுக்கு 56,700 ரூபாயைத் திருப்பிவிடுவோம். உங்களுக்கு வந்த பணம் வேறெங்கோ ஏமாந்த ஒருவருடையதாக இருக்கலாம். அவர் புகார் கொடுத்ததும், பணம் சென்ற வழியிலுள்ள கணக்குகளையெல்லாம் தேடிப் பிடித்து அந்தத் தொகையை முடக்கச் சொல்லி வங்கிகளுக்கு உத்தரவு போகும். உங்கள் கணக்கும் அந்த வழியில் ஒரு படி. அந்தத் தொகையோ முழுக் கணக்குமோ முடங்கலாம், அதை விடுவிக்க எந்த மாநிலக் காவல்துறை முடக்கியதோ அவர்களிடம் விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே கூடுதல் பணம் வந்தால் நீங்களாகத் திருப்பி அனுப்பாதீர்கள். உங்கள் வங்கிக் கிளைக்கு எழுத்தில் தெரிவித்து, வந்த கணக்குக்கே அவர்கள் வழியாகத் திருப்பச் சொல்லுங்கள். உண்மையிலேயே தவறி அனுப்பியவருக்கு இதில் நஷ்டமே இல்லை. அவரும் தன் வங்கியில் புகார் கொடுக்கலாம். வேறு கணக்குக்குத்தான் வேண்டும், இப்போதே வேண்டும் என்று கத்துகிறவர் யாரென்று அதிலேயே தெரிந்துவிடும்.

பெரிய ஆர்டர்களுக்கு ஒரே பதிலை எழுதி வைத்து, வருகிற எல்லோருக்கும் அதையே அனுப்புவது நல்லது. ஆளைப் பார்த்து விதியை மாற்றினால்தான் பேச்சில் மடக்க இடம் கிடைக்கும். மாதிரிக்கு ஒன்று:

"ஆர்டருக்கு நன்றி. டெலிவரி முகவரி பின்கோடுடன் அனுப்புங்கள். மொத்தத்தில் பாதி அட்வான்ஸ். இந்த க்யூஆருக்கு மட்டும் அனுப்பவும். நாங்கள் யாருடைய க்யூஆர் கோட்டையும் ஸ்கேன் செய்வதில்லை, சோதனைக்குப் பணம் அனுப்புவதில்லை. எங்கள் வங்கிக் கணக்கில் வரவானதும் பில் அனுப்பி, வேலை தொடங்குவோம்."

இதற்கு நல்ல வாடிக்கையாளர் கோபப்பட மாட்டார். மோசடிக்காரர் ஒன்று மறைந்துவிடுவார், இல்லையென்றால் "எங்க சிஸ்டம்ல அப்படி முடியாது" என்பார். நிறுவனத்தின் பெயரில் ஆர்டர் வந்தால் ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். எண்ணும் எழுத்துமாக 15 இடம் இருக்கும், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று தொடங்கும். gst.gov.in தளத்தில் 'Search Taxpayer' பகுதியில் லாகின் இல்லாமலேயே அதைத் தேடி, நிறுவனப் பெயரும் முகவரியும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். அதோடு நிறுத்தினால் போதாது, ஏனென்றால் ஜிஎஸ்டி எண் ஒவ்வொரு பில்லிலும் அச்சாகி ஊரெங்கும் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துச் சொல்லலாம். நிறுவனத்தின் தொலைபேசி எண்ணை நீங்களாகத் தேடி எடுத்து, "இப்படி ஒரு ஆர்டர் கொடுத்தீர்களா" என்று ஒரு போன் போட்டுவிடுங்கள். மெசேஜில் வந்த எண்ணுக்குப் போட்டால் பயனில்லை.

அட்வான்ஸ் வரும்வரை அரிசி ஊறப் போடவும் வேண்டாம். "நாளைக்கே வேணும்" என்ற அவசரத்தில் மாவும் எண்ணெயும் வாங்கி, இரவெல்லாம் சுட்டு வைத்தபிறகு பணம் பற்றிய கட்டம் வந்தால், செய்த பொருள் வீணாகிவிடுமே என்ற தவிப்பே அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வைக்கும்.

ஆர்டர் கேட்காமல் ஸ்பான்சர் வேடம் போட்டு வருகிறவர்களும் உண்டு, அவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் உங்கள் பேஜ். மூவாயிரம் ஃபாலோயர் உள்ள பேஜுக்கு ஒரு ரீலுக்கு 25,000 ரூபாய் தருவதாக எழுதுவார்கள். உங்கள் பேஜின் பெயரைத் தவிர வேறெதுவும் அதில் உங்களைப் பற்றி இருக்காது. நீங்கள் போட்ட எந்த வீடியோ பிடித்தது, எத்தனை நொடி வேண்டும், என்ன தேதி என்ற பேச்சே வராது. ஒப்புக்கொண்டதும் மூன்றில் ஒன்றைக் கேட்பார்கள்.

ஒன்று, "உங்க போனுக்கு ஒரு லிங்க் வரும், தொட வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து அனுப்புங்க." தொட வேண்டாம் என்று சொல்வதாலேயே பாதுகாப்பு என்று தோன்றும். நடந்தது என்னவென்றால், அவர் இன்ஸ்டாகிராமில் உங்கள் பெயரைப் போட்டு 'Forgot password' அழுத்தியிருக்கிறார். உங்கள் கணக்கைத் திறக்கும் லிங்க்கை இன்ஸ்டாகிராமே உங்களுக்கு அனுப்பியிருக்கிறது. படத்தில் தெரியும் அந்த லிங்க்கைப் பார்த்துத் தன் போனில் தட்டச்சு செய்தால் அவர் உள்ளே போய்விடலாம். ஓடிபியைச் சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். லிங்க்கும் ஓடிபிதான் என்பது பலருக்குத் தெரியாது.

இரண்டு, "விளம்பரம் ஓட்ட எங்களை பேஜில் சேர்த்துவிடுங்கள்." மெட்டா பிசினஸ் சூட்டில் ஒருவரைச் சேர்க்கும்போது முழுக் கட்டுப்பாடு கொடுத்தால், அவர் உங்களையே வெளியேற்றிவிட முடியும். உங்கள் கார்டு அதில் இணைந்திருந்தால் உங்கள் பணத்தில் விளம்பரமும் ஓட்டுவார். நேர்மையான பிராண்டுக்கு இது எதுவும் தேவையில்லை. நீங்கள் போஸ்ட் போடும்போது 'Paid partnership' லேபிளில் அவர்களை டேக் செய்து, அதை அவர்கள் விளம்பரமாக ஓட்டவும் அனுமதிக்கலாம். பாஸ்வேர்டோ பேஜ் உரிமையோ கைமாறாமலே அந்த வேலை முடிந்துவிடும்.

மூன்று, ஒப்பந்தம் என்று ஒரு ஜிப் ஃபைல், திறக்க 1234 என்று பாஸ்வேர்டும் கூடவே. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஜிப்பை மின்னஞ்சல் சேவையின் வைரஸ் சோதனை திறந்து பார்க்க முடியாது, அதற்காகத்தான் பூட்டு. உள்ளே இருப்பதன் பெயர் இப்படி இருக்கும்:

```
Contract_Details.pdf.scr
```

விண்டோஸ் வழக்கமாகக் கடைசி எழுத்துகளை மறைத்துவிடுவதால் கண்ணுக்குப் பிடிஎஃப் போலவே தெரியும். விண்டோஸ் 11இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் View, Show, File name extensions என்று போய் டிக் செய்துவிட்டால் முழுப் பெயரும் தெரியும். .scr, .exe என்று முடிந்தால் அது ஓடும் நிரல், படிக்கும் ஆவணம் இல்லை. அதைத் திறந்தால், பிரவுசரில் நீங்கள் ஏற்கனவே லாகின் செய்து வைத்திருக்கும் அடையாளத்தையே அது திருடி அனுப்பும். இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்திருந்தும் பேஜ் போய்விட்டது என்று சிலர் சொல்வதன் காரணம் இதுதான்: லாகின் ஏற்கனவே முடிந்துவிட்டதால், ஓடிபி கேட்கும் கட்டமே அங்கு வரவில்லை.

தெரியாமல் திறந்துவிட்டால் அந்தக் கணினியின் இணையத்தைத் துண்டியுங்கள். அதிலேயே பாஸ்வேர்டை மாற்ற வேண்டாம், புதியதும் திருடுபோகும். போனில் Accounts Center, Password and security, Where you're logged in என்று போய் எல்லா இடத்திலிருந்தும் வெளியேற்றி, பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். மின்னஞ்சலுக்கும் அதே வேலை. பிசினஸ் சூட்டில் தெரியாத பெயர் சேர்ந்திருக்கிறதா, புது விளம்பரம் ஓடுகிறதா என்று பார்த்து, கார்டை வங்கி ஆப்பில் தற்காலிகமாக நிறுத்துங்கள். பேஜே கைவிட்டுப் போயிருந்தால் instagram.com/hacked அல்லது facebook.com/hacked வழியாகத் தொடங்க வேண்டும்.

பணம் போயிருந்தால் முதல் போன் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்குவதுதான் நோக்கம் என்பதால், வீட்டில் யாரிடம் சொல்வது என்று தயங்கும் அரை மணி நேரம்கூட விலை அதிகம். கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: வங்கியின் பெயர், பணம் போன நேரம், தொகை, ஒவ்வொரு பரிவர்த்தனைக்குமான 12 இலக்க எண், போய்ச் சேர்ந்த யூபிஐ முகவரி. பிறகு cybercrime.gov.in தளத்தில் புகார், கூடவே உங்கள் வங்கியிலும் ஒன்று. கோபத்தில் சாட் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அந்த ஆளை பிளாக் செய்வதற்கு முன் அவருடைய ப்ரொஃபைல் லிங்க், க்யூஆர் படம், போன் எண் எல்லாவற்றையும் சேமித்துவிடுங்கள். பின்னை நாமே போட்டிருந்தால் அந்த இழப்பை வங்கி ஏற்பது கடினம். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணத்தில், வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்புக்குத்தான் வங்கி பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017இல் விதி வகுத்தது. அதனாலும் அந்த முதல் அரை மணி நேரம் முக்கியம்.

ஏமாந்ததை எச்சரிக்கையாகப் பேஜில் பதிவிடுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. அந்தப் பதிவின்கீழ் சில மணி நேரத்திலேயே "எனக்கும் இப்படி நடந்தது, இவர் மீட்டுக் கொடுத்தார்" என்று ஒரு ஐடியைக் குறிப்பிட்டுக் கமென்ட்கள் வரும். அந்த மீட்பு ஆளும் முதலில் கட்டணம் என்று ஒரு க்யூஆர் கோட்டைத்தான் அனுப்புவார்.